எழுதப்பட்ட, எழுதப்படாத அரசியலமைப்பு: பரீட்சைக்கு உதவுற ரிவிஷன் டேபிள் போடுறது எப்படி, நம்ம பாண்டிச்சேரி உதாரணத்தோட முழு வழிகாட்டி

காலாப்பட்டு பக்கம் லா படிக்கிற பசங்களும் சரி, கடலூர் மஞ்சக்குப்பத்துல ரூம் எடுத்து குரூப் ஒன்னுக்கு படிக்கிறவங்களும் சரி, நோட்டை வாங்கிப் பாத்தா எல்லார்கிட்டயும் ஒரே டேபிள்தான் இருக்கு. எழுதப்பட்டது: நெகிழ்வு குறைவு, தெளிவு அதிகம், உரிமைப் பாதுகாப்பு அதிகம். எழுதப்படாதது: நெகிழ்வு அதிகம், தெளிவு குறைவு, பாதுகாப்பு குறைவு. மொத்தம் ஆறு கட்டம், ஆறுலயும் அரை வரி, ரெண்டு நிமிஷத்துல மனப்பாடம் ஆயிடும், ஆனா பதினஞ்சு மார்க் கேள்வி வந்தா அரை பக்கத்துக்கு மேல பேனா நகராது. அதைவிட பெரிய சிக்கல், அந்த ஆறு அரை வரியும் பாதி உண்மைதான், மீதிப் பாதியை எழுதுறவங்களுக்குத்தான் மார்க் போகுது.

அதனால நான் சொல்லப்போறது ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு கட்டத்துலயும் மூணு விஷயம் இருக்கணும்: விதி, கேஸ், ஆனா. விதின்னா பொதுவா என்ன நிலைமைங்கிறது, கேஸ்னா வருஷத்தோட ஒரே ஒரு உண்மை சம்பவம், ஆனான்னா அந்த விதி எங்க உடையுதுங்கிறது. நாடு நாடா சேர்க்க வேண்டாம், எழுதப்பட்டதுக்கு இந்தியா, எழுதப்படாததுக்கு பிரிட்டன், இது போதும், கடைசில வேணும்னா நியூசிலாந்து ஒரு வரி சேத்துக்கலாம்.

முதல் ஸ்டெப்: பேப்பரும் மேல எழுத வேண்டிய ரெண்டு வரியும்

ஏ4 பேப்பரை படுக்க வெச்சு மூணு காலம் போடுங்க. முதல் காலம் சின்னதா, அதுல நெகிழ்வு, தெளிவு, உரிமை. மத்த ரெண்டும் சமமா பெருசா. ஒவ்வொரு வரிசைக்கும் பேப்பர்ல மூணுல ஒரு பங்கு விடுங்க, நெருக்கி எழுதுனா பின்னாடி "ஆனா" எழுத இடம் இருக்காது, அதைத்தான் எல்லாரும் விட்டுட்டு போயிடுறாங்க.

டேபிளுக்கு மேல ரெண்டு வரி கட்டாயம் எழுதுங்க. ஒண்ணு, எழுதப்படாததுன்னா பேப்பர்லயே எதுவும் இல்லன்னு அர்த்தம் இல்ல. பிரிட்டன்ல 1215 மேக்னா கார்ட்டா இருக்கு, 1689 உரிமை மசோதா இருக்கு, 1911, 1949 பார்லிமென்ட் சட்டங்கள் இருக்கு, 1998 மனித உரிமைகள் சட்டம் இருக்கு, எல்லாம் அச்சுல இருக்கிற சட்டம்தான். என்ன இல்லன்னா, எல்லாத்தையும் ஒரே ஆவணமா தொகுத்து, மத்த எல்லா சட்டத்துக்கும் மேல உக்கார வெச்ச ஒரு அரசியலமைப்பு இல்ல. சட்டம், தீர்ப்பு, மரபு மூணும் கலந்து ஓடுது. ரெண்டாவது வரி, எழுதப்பட்டது / எழுதப்படாததுங்கிறது ஒரு பிரிவு, நெகிழும் / நெகிழாததுங்கிறது வேற பிரிவு. முதல் பிரிவு அது எங்க இருக்குங்கிறதைப் பத்தி, ரெண்டாவது அதை எப்படி மாத்துறாங்கங்கிறதைப் பத்தி. இந்த ரெண்டையும் ஒண்ணா போட்டு கொழப்புனதுலதான் மேல சொன்ன அரைகுறை டேபிள் பொறந்துது.

ரெண்டாவது ஸ்டெப்: நெகிழ்வு வரிசை

இந்தியா கட்டத்துல விதியா ஆர்ட்டிக்கிள் 368 எழுதுங்க. ஆனா "சிறப்புப் பெரும்பான்மை வேணும்"னு மட்டும் எழுதி விட்டுடாதீங்க, அதுல ரெண்டு டெஸ்ட் இருக்கு, ரெண்டுலயும் பாஸ் ஆகணும். மொத்த உறுப்பினர்கள்ல பாதிக்கு மேல, அதோட வந்து ஓட்டுப் போட்டவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு. லோக்சபா 543ன்னு வெச்சுக்கிட்டா பாதிக்கு மேலன்னா 272. அன்னைக்கு 390 பேர் மட்டும் ஓட்டுப் போட்டா மூணுல ரெண்டு 260தான், ஆனா 260 பத்தாது, 272 வேணும். 450 பேர் ஓட்டுப் போட்டா மூணுல ரெண்டு 300, அப்போ 272 பத்தாது, 300 வேணும். ரெண்டுல எது பெருசோ அதுதான் தேவைன்னு ஞாபகம் வெச்சுக்குங்க. இதையே ராஜ்யசபாலயும் தனியா பாஸ் பண்ணணும், கூட்டாட்சி சம்பந்தப்பட்ட விஷயம்னா பாதி மாநில சட்டசபைகளோட ஒப்புதலும் வேணும்.

இதெல்லாம் படிச்சதும் அடேயப்பா ரொம்ப கஷ்டம்போலன்னு தோணும். கேஸ் அதுக்கு நேர் எதிரா இருக்கு. பொருளாதாரத்துல நலிவடைஞ்சவங்களுக்கு பத்து சதவீத இட ஒதுக்கீடு தந்த 103வது திருத்தத்தை எடுங்க, 2019 ஜனவரி 8 லோக்சபால, 9 ராஜ்யசபால, 12ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். அஞ்சு நாள் கூட ஆகல. கைல நம்பர் இருந்தா எழுதப்பட்ட அரசியலமைப்பும் வேகமா நகரும்.

"ஆனா" வரில நம்ம ஊரையே போடலாம், இதை வேற யாரும் எழுத மாட்டாங்க. டெல்லிக்கு சட்டசபை இருக்கணும்னு ஆர்ட்டிக்கிள் 239ஏஏவே சொல்லுது, 1991ல 69வது திருத்தத்துல வந்தது. பாண்டிச்சேரிக்கு இருக்கிறது 239ஏ, 1962ல 14வது திருத்தத்துல வந்தது, அதுல இருக்கிறது "பார்லிமென்ட் சட்டம் போட்டு சட்டசபை உருவாக்கலாம்"ங்கிறது மட்டும்தான். அந்தச் சட்டம்தான் 1963 யூனியன் பிரதேச அரசுகள் சட்டம். அது சாதாரண சட்டம், சாதாரணப் பெரும்பான்மையில மாத்தலாம், அப்படி மாத்துறதை 368ன் கீழ திருத்தமா எண்ணக்கூடாதுன்னு 239ஏலயே எழுதி வெச்சிருக்காங்க. அதாவது பீச் ரோட்டுக்குப் பக்கத்துல பாரதி பூங்காவை ஒட்டி நிக்கிற நம்ம சட்டசபை, உலகத்துலயே நீளமான அரசியலமைப்பு இருக்கிற நாட்டுல, அந்த அரசியலமைப்போட நெகிழ்வான பக்கத்துல நிக்குது. புது மாநிலம் உருவாக்குற ஆர்ட்டிக்கிள் 3ம் இதே மாதிரி சாதாரணப் பெரும்பான்மைதான். ஒரே புத்தகத்துக்குள்ள இறுக்கமான பகுதியும் நெகிழ்வான பகுதியும் சேர்ந்தே இருக்குன்னு எழுதுங்க.

பிரிட்டன் கட்டத்துக்கு விதி: பார்லிமென்ட்தான் உச்சம், எந்தச் சட்டத்தையும் சாதாரணப் பெரும்பான்மையில மாத்தலாம், போன பார்லிமென்ட் அடுத்த பார்லிமென்டை கட்டிப்போட முடியாது. இதுக்கு கேஸ் 2011 நிலையான பதவிக்காலச் சட்டம். நம்பிக்கையில்லாத் தீர்மானம் இல்லாம அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எலெக்‌ஷன் வேணும்னா மொத்த எம்பிக்கள்ல மூணுல ரெண்டு பங்கு, அதாவது 650ல 434 பேர் சம்மதிக்கணும்னு போட்டாங்க. 2019ல பிரதமர் போரிஸ் ஜான்சன் அந்த வழியில மூணு தடவ கேட்டுப் பாத்தார், மூணு தடவையும் 434 கிடைக்கல. உடனே என்ன பண்ணாங்க, "அந்தச் சட்டத்துல என்ன இருந்தாலும் சரி, டிசம்பர் 12ல எலெக்‌ஷன்"னு ஒரு குட்டிச் சட்டம் கொண்டாந்து சாதாரணப் பெரும்பான்மையில பாஸ் பண்ணிட்டாங்க. மூணுல ரெண்டு பங்குங்கிற பூட்டை சாதாரண சட்டத்துல போட்டதால, இன்னொரு சாதாரண சட்டமே அதைத் திறந்துடுச்சு. 2022ல மூலச் சட்டத்தையே ரத்து பண்ணி பழைய முறைக்குப் போயிட்டாங்க. எழுதப்படாத அரசியலமைப்போட நெகிழ்வை இதைவிட தெளிவா காட்டுற சம்பவம் எனக்குத் தெரிஞ்சு இல்ல, இதை நல்லா புரிஞ்சு வெச்சுக்குங்க.

அதுக்கு "ஆனா" என்னன்னா, அங்கயும் எல்லாமே ஒரே மாதிரி எளிது கிடையாது. 1911 பார்லிமென்ட் சட்டப்படி பிரபுக்கள் சபை எதிர்த்தாலும் காமன்ஸ் சபை சட்டம் கொண்டாரலாம், ஆனா பார்லிமென்டோட ஆயுளை அஞ்சு வருஷத்துக்கு மேல நீட்டுற மசோதாவுக்கு அந்த வழி கிடையாது, அதுக்கு பிரபுக்கள் சபை சம்மதம் வேணும். ஆட்சியில இருக்கிறவங்க எலெக்‌ஷனே வைக்காம இருந்துடக்கூடாதுல்ல.

மூணாவது ஸ்டெப்: தெளிவு வரிசை

இங்கதான் பசங்க ரொம்ப சீக்கிரம் தாண்டிப் போயிடுறாங்க, "எழுதியிருக்கு, அதனால தெளிவு"ன்னு. எழுதியிருந்தா கைகாட்ட ஒரு இடம் இருக்கும், அது உண்மைதான், அதுதான் விதி. ஆனா எழுதுனவங்க எதைப் பத்தி ஒண்ணும் சொல்லாம விட்டாங்களோ அங்கதான் சண்டை வரும், அந்தச் சண்டை நம்ம ஊர்லயே நடந்துச்சு.

1963 சட்டத்தோட பிரிவு 3(3) சொல்றது, அரசுப் பணியில இல்லாத மூணு பேர் வரைக்கும் மத்திய அரசு சட்டசபைக்கு நியமனம் பண்ணலாம். நாம நியமன எம்எல்ஏன்னு சொல்றோமே, அவங்கதான். தேர்ந்தெடுக்கப்பட்டவங்க 30, நியமனம் 3. யாரு நியமிக்கணும், எத்தனை பேர்ங்கிறது தெளிவா இருக்கு. ஆனா உள்ளூர் அரசாங்கத்தைக் கேக்கணுமா, அந்த மூணு பேரும் நம்பிக்கை ஓட்டெடுப்புல ஓட்டுப் போடலாமாங்கிறதைப் பத்தி அந்தப் பிரிவுல ஒரு சொல் கூட இல்ல. 2017ல மத்திய அரசு மூணு பேரை நியமிச்சுது, சபாநாயகர் ஏத்துக்கல, துணைநிலை ஆளுநர் பதவிப் பிரமாணம் பண்ணி வெச்சாங்க, கேஸ் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போய் அங்கேர்ந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. கே. லட்சுமிநாராயணன் எதிர் இந்திய ஒன்றியம், 2018 டிசம்பர் 6 தீர்ப்பு. புதுச்சேரி அரசோட ஒப்புதல் தேவையில்ல, நியமன உறுப்பினர்கள் பட்ஜெட்லயும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துலயும் ஓட்டுப் போடலாம்னு கோர்ட் சொல்லிடுச்சு. உள்ளூர் அரசோட பரிந்துரையில நியமிக்கிறதுதான் மரபுன்னு ஒரு வாதமும் வெச்சாங்க, அப்படி நிலைச்ச மரபு ஒண்ணு இருக்குன்னு கோர்ட் ஏத்துக்கல.

அந்த வாதத்தைக் கொஞ்சம் நின்னு கவனிங்க. எழுதப்பட்ட அரசியலமைப்பு இருக்கிற நாட்டுலயே, எழுத்து மௌனமா இருந்த இடத்துல ஆளுங்க மரபைத் தேடிப் போறாங்க. மரபுங்கிறது பிரிட்டனுக்கு மட்டும் சொந்தம்னு நெனச்சா இந்தக் கட்டத்தை நிரப்ப முடியாது.

இந்தத் தெளிவின்மை வெறும் கோர்ட் விவகாரமா நின்னுடல. 2021 பிப்ரவரில வரிசையா ராஜினாமா வந்து, சபையோட பலம் நியமனத்தையும் சேத்து 26 ஆயிடுச்சு. ஆளும் தரப்பு சபாநாயகரோட சேத்து 12, எதிர்த்தரப்பு 14, அந்த 14ல மூணு பேர் நியமன உறுப்பினர்கள். அவங்களைக் கழிச்சா 11தான். பிப்ரவரி 22 அன்னைக்கு நாராயணசாமி அரசு கவிழ்ந்துச்சு. எந்தக் கட்சி பக்கம் நியாயம்ங்கிறது உங்க பதில்ல வேண்டவே வேண்டாம், ஒரு பிரிவுல ரெண்டு வரி சேத்து எழுதாம விட்டா என்ன ஆகும்னு காட்ட இந்த நம்பர் போதும்.

பிரிட்டன் கட்டத்துக்கு இதோட ஜோடியா செவெல் மரபை எடுங்க. ஸ்காட்லாந்துக்கு அதிகாரம் பிரிச்சுக் கொடுத்த விஷயங்கள்ல, ஸ்காட்லாந்து பார்லிமென்ட் சம்மதம் இல்லாம வெஸ்ட்மின்ஸ்டர் "வழக்கமா" சட்டம் போடாதுங்கிறது மரபு. 2016ல இதை ஸ்காட்லாந்து சட்டத்துலயே எழுதி வெச்சாங்க, அந்த "வழக்கமா"ங்கிற சொல்லோடவே. 2017 ஜனவரில மில்லர் கேஸ்ல அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் சொன்னது, சட்டத்துல எழுதினாலும் இது அரசியல் மரபாவேதான் இருக்கு, இதை அமல்படுத்துறது கோர்ட்டோட வேலை இல்ல. 2020 ஜனவரில ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூணும் சம்மதம் தர மறுத்த பிறகும் பிரெக்ஸிட் ஒப்பந்தச் சட்டம் நிறைவேறுச்சு. பேப்பர்ல எழுதினதும் தெளிவு வந்துடாது, மீறினா யார் கேப்பாங்கங்கிறதுக்கும் பதில் இருக்கணும்.

இங்க "ஆனா", எழுதப்படாத இடத்துலயும் கோர்ட் நல்ல தெளிவா கோடு போட்டிருக்கு. 2019 செப்டம்பர்ல பார்லிமென்டை அஞ்சு வாரம் முடக்கி வெச்சது செல்லாதுன்னு 11 நீதிபதிகளும் ஒரே குரல்ல சொன்னாங்க. இத்தனை நாள்தான் முடக்கலாம்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல, பார்லிமென்ட் தன் வேலையைச் செய்ய விடாம நியாயமான காரணம் இல்லாம தடுக்கக்கூடாதுங்கிற கொள்கையில இருந்து அந்தக் கோட்டை எடுத்தாங்க. பிரச்னை ஒண்ணுதான், முடக்கின பிறகுதான் கோடு எங்க இருக்குன்னே தெரிஞ்சுது.

நாலாவது ஸ்டெப்: உரிமை வரிசை

இதுக்கு கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: ஒரு சட்டம் உரிமையை மீறுதுன்னு கோர்ட் சொல்லிட்டா, அடுத்த நாள் காலையில அந்தச் சட்டம் உயிரோட இருக்குமா?

இந்தியால இருக்காது. ஆர்ட்டிக்கிள் 13 படி அடிப்படை உரிமையை மீறுற சட்டம் அந்த அளவுக்கு செல்லாது, 32ல நேரா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகலாம், 226ல ஹைகோர்ட்டுக்கு. கேஸ் 66ஏ. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோட இந்தப் பிரிவுல 2012ல புதுச்சேரி வியாபாரி ஒருத்தரே ட்விட்டர் பதிவுக்காக கைதானார், அதனால இங்க இருக்கிற பசங்களுக்கு சொன்னா உடனே பதியும். 2015 மார்ச் 24, ஸ்ரேயா சிங்கல் தீர்ப்புல அந்தப் பிரிவை முழுசா ரத்து பண்ணாங்க. பார்லிமென்ட் எதுவும் செய்ய வேண்டியதில்ல, அன்னைக்கே அது போச்சு.

பிரிட்டன்ல அது உயிரோட இருக்கும். 1998 மனித உரிமைகள் சட்டத்தோட பிரிவு 4 படி கோர்ட் "இந்தச் சட்டம் மனித உரிமை உடன்படிக்கையோட ஒத்துப்போகல"ன்னு அறிவிப்பு தரலாம், அவ்வளவுதான், சட்டத்தை ரத்து பண்ண முடியாது. கேஸ் பெல்மார்ஷ் ஜெயில் வழக்கு. 2001ல வந்த தீவிரவாத எதிர்ப்புச் சட்டத்துல வெளிநாட்டுக்காரங்களை மட்டும் விசாரணையே இல்லாம, முடிவுத் தேதியும் இல்லாம அடைச்சு வைக்கலாம்னு இருந்துச்சு. 2004 டிசம்பர் 16, அப்போ அந்த நாட்டோட உச்ச கோர்ட்டாவும் இருந்த பிரபுக்கள் சபையோட ஒன்பது நீதிபதிகள்ல எட்டு பேர் இது உரிமை மீறல்னு தீர்ப்பு சொன்னாங்க. ஆனா கதவு அன்னைக்குத் திறக்கல. தீர்ப்புக்குப் பிறகும் அந்தச் சட்டம் அமல்லயே இருந்துச்சு, 2005 மார்ச்ல பார்லிமென்ட் வேற சட்டம் கொண்டாந்த பிறகுதான் பழைய ஏற்பாடு முடிஞ்சுது, புதுச் சட்டத்துலயும் கட்டுப்பாட்டு உத்தரவுன்னு வேற மாதிரி கட்டுப்பாடு வந்துச்சு. ஜெயிச்சவங்க ஜெயிச்ச பிறகும் உள்ள இருந்த அந்த மூணு மாசம்தான் ரெண்டு முறைக்கும் உள்ள வித்தியாசம்.

இதோட நிறுத்துனா பதில் ஒருதலையா போயிடும். இந்தியா பக்கத்து "ஆனா" ரொம்ப கனமானது: 1976 ஏடிஎம் ஜபல்பூர். எமர்ஜென்சில ஆர்ட்டிக்கிள் 21ஐ அமல்படுத்தச் சொல்லி கோர்ட்டுக்குப் போற உரிமையை நிறுத்தி வெச்சிருந்தாங்க, அப்போ காரணமில்லாம உள்ள போட்டாலும் ஆட்கொணர்வு மனு போட முடியாதுன்னு நாலுக்கு ஒண்ணுன்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லிடுச்சு. நீதிபதி எச்.ஆர். கன்னா மட்டும் மாறுபட்டார். 21 அப்பவும் புத்தகத்துல அதே பக்கத்துலதான் இருந்துச்சு. அப்புறம் 1978ல 44வது திருத்தம் வந்து எமர்ஜென்சிலயும் 20, 21 ரெண்டையும் தொட முடியாதுன்னு ஆக்குச்சு, 2017ல புட்டசாமி தீர்ப்பு ஜபல்பூரைத் தவறுன்னு தள்ளிடுச்சு. பிரிட்டன் பக்கத்து "ஆனா" நேர் எதிர்: ரத்து பண்ற அதிகாரம் இல்லன்னாலும், இந்த மாதிரி அறிவிப்பு வந்தா பெரும்பாலும் பார்லிமென்ட் சட்டத்தை மாத்திடுது, அரசியல் அழுத்தம் அங்க கோர்ட் வேலையில பாதியைச் செய்யுது. கைதிகளுக்கு ஓட்டுரிமை விஷயத்துல மட்டும் ரொம்ப வருஷம் இழுத்தடிச்சாங்க, அதனால "எப்பவும்"னு எழுதாதீங்க, "பெரும்பாலும்"னு எழுதுங்க.

அஞ்சாவது ஸ்டெப்: இப்போ டேபிளா சுருக்குங்க

| | எழுதப்பட்டது (இந்தியா) | எழுதப்படாதது (பிரிட்டன்) |
|---|---|---|
| நெகிழ்வு | விதி: 368, ரெண்டு டெஸ்ட். கேஸ்: 103வது திருத்தம், 2019, அஞ்சு நாளுக்குள்ள. ஆனா: பாண்டிச்சேரி சட்டசபை, ஆர்ட்டிக்கிள் 3, சாதாரணப் பெரும்பான்மை. | விதி: சாதாரண சட்டமே போதும். கேஸ்: 434 தேவைங்கிற பூட்டு 2019ல திறந்தது, 2022ல ரத்து. ஆனா: ஆயுள் நீட்டிப்புக்கு பிரபுக்கள் சபை சம்மதம். |
| தெளிவு | விதி: கைகாட்ட எழுத்து இருக்கு. கேஸ்: நியமன எம்எல்ஏ, பிரிவு 3(3), 2018. ஆனா: எழுத்து மௌனமான இடத்துல கோர்ட், மரபு வாதம். | விதி: சட்டம், தீர்ப்பு, மரபுன்னு சிதறிக் கிடக்கு. கேஸ்: செவெல், 2017, 2020. ஆனா: 2019 முடக்கம் செல்லாது, 11-0. |
| உரிமை | விதி: 13, 32, 226, மீறுற சட்டம் செல்லாது. கேஸ்: 66ஏ, 2015. ஆனா: ஜபல்பூர் 1976, பிறகு 44வது திருத்தம். | விதி: அறிவிப்பு மட்டும், சட்டம் நிக்கும். கேஸ்: பெல்மார்ஷ், 2004-05. ஆனா: பெரும்பாலும் பார்லிமென்ட் மாத்திடும். |

எழுதி முடிச்சதும் ஒரு சோதனை பண்ணுங்க. இடது கட்டத்துல இருக்கிற வரிக்கு முன்னாடி "இல்ல"ன்னு சேத்தா வலது கட்டம் வந்துடுதுன்னா, அந்த வரிசை காலி, நீங்க எதையும் ஒப்பிடல, ஒரே விஷயத்தை ரெண்டு தடவ எழுதியிருக்கீங்க. அதே மாதிரி வருஷமே இல்லாத கட்டம்னா அதுல இருக்கிறது உங்க அபிப்பிராயம், கேஸ் இல்ல. இன்னொண்ணு அடிக்கடி பாக்குறேன், கேசவானந்த பாரதியை மூணு வரிசையிலயும் போட்டுடுறாங்க. 1973ல 13 நீதிபதிகள், ஏழுக்கு ஆறு, அடிப்படைக் கட்டமைப்பை திருத்தத்தால அழிக்க முடியாதுன்னு சொன்னது, அது நெகிழ்வு வரிசைக்கு எல்லையா வரும், வேணும்னா உரிமை வரிசையில ஒரு சொல்லா வரும். தெளிவு வரிசைக்கு அது எதிரா போகும், ஏன்னா அடிப்படைக் கட்டமைப்புன்னா எது எதுங்கிற பட்டியல் அரசியலமைப்புல எங்கயும் எழுதப்படல, கோர்ட் கேஸுக்கு கேஸ் சொல்லிக்கிட்டு வருது. அந்தக் கோணத்துல எழுதத் தெரிஞ்சா மட்டும் அங்க போடுங்க.

ஆறாவது ஸ்டெப்: வரிசையை பதிலாக்குறது

டேபிளை அப்படியே தாள்ல வரைஞ்சா மார்க் வராது, வாக்கியமா மாத்தணும், அதுவும் பரீட்சைத் தமிழ்ல. "எழுதப்பட்ட அரசியலமைப்பு இருந்தால்தான் குடிமக்களின் உரிமைகள் பாதுகாக்கப்படும், ஆராய்க"ன்னு கேள்வி வந்தா, உரிமை வரிசையை எடுத்து விதி, கேஸ், எதிர்க்கட்டம், ஆனாங்கிற வரிசையில இப்படி எழுதலாம்:

"எழுதப்பட்ட அரசியலமைப்பில் உரிமைக்கு முரணான சட்டத்தை நீதிமன்றமே செல்லாததாக்க முடியும். 2015இல் 66ஏ பிரிவு நீக்கப்பட்டது இதற்குச் சான்று. பிரிட்டனில் 2004ஆம் ஆண்டு பெல்மார்ஷ் வழக்கில் உரிமை மீறல் உறுதியான பின்னரும், நாடாளுமன்றம் மாற்றும் வரை அச்சட்டம் நடைமுறையில் நீடித்தது. எனினும் எழுத்து மட்டும் போதுமான அரண் அன்று. 1976இல் உறுப்பு 21 நடைமுறையில் பயனற்றுப் போனதற்குக் காரணம் அது எழுதப்படாதது அல்ல, அதைச் செயல்படுத்தக் கோரும் வழி அடைக்கப்பட்டதே ஆகும். 44ஆம் திருத்தம் அந்த வழியையே பாதுகாத்தது."

கடைசி ரெண்டு வாக்கியத்தைப் பாருங்க, அங்கதான் ஆராய்ச்சி நடக்குது. எழுத்து ஒண்ணு, அதை அமல்படுத்தச் சொல்லி போற வழி இன்னொண்ணு. இந்தப் பிரிப்பை தெளிவு வரிசைக்கும் அப்படியே எடுத்துக்கிட்டுப் போகலாம், செவெல் மரபுல எழுத்து இருந்துச்சு, வழி இல்ல, 2019 முடக்க வழக்குல எழுத்து இல்ல, வழி இருந்துச்சு.

மனப்பாடம் பண்றப்போ "ஆனா" பகுதியை மட்டும் கையால மூடிட்டு சொல்லிப் பாருங்க. விதியும் கேஸும் எப்படியும் ஞாபகம் வந்துடும், மறக்கிறது எப்பவும் அந்த மூணாவது பகுதிதான்.

பேப்பர்ல அடியில இடம் மிச்சம் இருந்தா நியூசிலாந்து வரியைச் சேருங்க. அங்கயும் ஒரே ஆவணமா அரசியலமைப்பு கிடையாது, ஆனா 1993 தேர்தல் சட்டத்தோட பிரிவு 268, ஓட்டுப் போடுற வயசு மாதிரி சில விஷயங்களை மாத்த 75 சதவீத எம்பிக்கள் சம்மதமோ மக்கள் வாக்கெடுப்போ வேணும்னு சொல்லுது. வேடிக்கை என்னன்னா, பிரிவு 268க்கே அந்தப் பாதுகாப்பு இல்ல, அதை சாதாரணப் பெரும்பான்மையில நீக்க சட்டப்படி தடை கிடையாது, இருந்தும் கட்சிகள் அதை மதிச்சு நடக்குறாங்க. இதை நெகிழ்வு வரிசையில பிரிட்டன் கட்டத்துக்குக் கீழ, 434 பூட்டுக்குப் பக்கத்துலயே எழுதுங்க. அதே மாதிரி சாதாரண சட்டத்துல போட்ட பூட்டு, ஒரு நாட்டுல திறந்துடுச்சு, இன்னொரு நாட்டுல இன்னும் பூட்டியே இருக்கு.